ஒரே 11.2, இரண்டு காரணங்கள்: ரத்த அறிக்கையில் ஹீமோகுளோபினுக்குக் கீழே உள்ள வரிகள்

டிங்கிக் காய்ச்சலின் தயவால் முழு ரத்தப் பரிசோதனை அறிக்கை நம் வீடுகளுக்குப் புதிதல்ல. கிளினிக்கில் அதை FBC என்பார்கள். வீட்டில் யாருக்காவது மூன்று நாள் காய்ச்சல் நீடித்தால், அந்தத் தாளை வாங்கியவுடன் பிளேட்லெட் எண்ணைத்தான் கண்கள் தேடும். மற்ற வரிகளை யாரும் பார்ப்பதில்லை.

அதே தாள் வேறொரு நாளிலும் கைக்கு வரும். வேலையில் சேருவதற்கான மருத்துவப் பரிசோதனை, ஆண்டுதோறும் நிறுவனம் ஏற்பாடு செய்யும் பரிசோதனை, இல்லையென்றால் ரத்த தான முகாம் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக ஓர் இளம் பெண் ரத்தம் கொடுத்திருப்பார். இம்முறை பிளேட்லெட் சரியாக இருக்கும். ஆனால் Hb என்ற வரியில் 11.2 என்று இருக்கும், பக்கத்தில் L என்ற எழுத்தோ ஒரு நட்சத்திரக் குறியோ இருக்கும். "கொஞ்சம் ரத்தம் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்கள்" என்று சொல்லி ஒரு மாதத்துக்கு மாத்திரை தருவார்கள். வீட்டில் அம்மா பீட்ரூட் வாங்கி வந்துவிடுவார். பெரும்பாலும் கதை அத்துடன் முடிந்துவிடும்.

ஆனால் 11.2 என்ற எண் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஏன் குறைந்தது என்பதற்கான குறிப்பு அதே தாளில், சில வரிகள் கீழே இருக்கிறது. நம் வட்டாரத்தில் அந்தக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று இரும்புச்சத்துக் குறைபாடு, மற்றொன்று பெற்றோரிடமிருந்து வரும் தலசீமியா மரபணு. முதலாவதற்கு மாத்திரை அவசியம். இரண்டாவதற்கு அதே மாத்திரையால் பயனில்லை, வேறொரு பரிசோதனைதான் தேவை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒருவர் பல ஆண்டுகள் வீணாக மாத்திரை சாப்பிடுவார். அதைவிடப் பெரிய விஷயம், திருமணத்துக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று தெரியாமலே போய்விடும்.

"சற்றுக் குறைவு" என்றால் எவ்வளவு?

கருவுறாத வயது வந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தச் சோகை என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. 11.0 முதல் 11.9 வரை லேசான நிலை. சில ஆய்வகங்கள் இதையே லிட்டர் கணக்கில் 112 என்று அச்சிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், 11.2-ம் 112-ம் ஒன்றுதான். கருவுற்ற பெண்ணின் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுவதால் ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்று இறங்கும். அவர்களுக்கான எல்லைகள் வேறு என்பதால் இங்கே சொல்லப்போகும் கணக்கை அவர்கள் தங்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

ஒரே பெண்ணுக்கு இரண்டு வெவ்வேறு நாளில் ரத்தம் எடுத்தால் எண் சிறிது ஏறி இறங்கும். ஆகவே 11.9 என்று வந்த ஒரே ஓர் அறிக்கையை வைத்து முடிவுக்கு வர முடியாது. பழைய அறிக்கை இருந்தால் அதை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 13.1 ஆக இருந்தது இன்று 11.2 ஆகியிருந்தால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. பள்ளிக் காலத்திலிருந்தே 11.2, 11.4, 11.1 என்று ஒரே இடத்தில் நின்றிருந்தால் அது வேறு கதை. பிறவியிலேயே வந்த ஒன்றாக இருக்கலாம் என்ற முதல் ஐயம் அங்கிருந்துதான் எழ வேண்டும்.

இரண்டு அறிக்கைகள்

இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 26. ஒரே அலுவலகத்தில் வேலை, ஒரே நாளில் ரத்தம் கொடுத்தார்கள். இருவரும் நாம் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவர்கள்தான். ஆனால் அவர்களின் எண்கள் கிளினிக்குகளில் அன்றாடம் காணப்படும் வகையைச் சேர்ந்தவை.

முதல் பெண்ணின் அறிக்கையில் Hb 11.2, RBC 4.41, MCV 78, MCH 25.4, RDW 16.8, பிளேட்லெட் 410.

இரண்டாவது பெண்ணின் அறிக்கையில் Hb 11.2, RBC 5.50, MCV 64, MCH 20.4, RDW 14.3, பிளேட்லெட் 268.

வெள்ளை அணுக்கள் இருவருக்கும் இயல்பாக இருந்தன. ஹீமோகுளோபின் அச்சாக ஒன்றுதான். இருவரிடமும் "ரத்தம் கொஞ்சம் குறைவு" என்றுதான் சொல்லப்பட்டது. இப்போது கீழ் வரிகளைப் பார்ப்போம்.

MCV என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. ஏறத்தாழ 80-லிருந்து 100 வரை இயல்பு. 80-க்குக் கீழே போனால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன என்று பொருள். RBC என்பது சிவப்பணுக்களின் எண்ணிக்கை. 4.41 என்றால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 44 லட்சத்துப் பத்தாயிரம் அணுக்கள். RDW என்பது அணுக்களின் அளவில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்பதைக் காட்டும் விழுக்காடு. பெரும்பாலான ஆய்வகங்களில் சுமார் 14.5 வரை இயல்பு. அதற்கு மேல் போனால் பெரிதும் சிறிதுமாக அணுக்கள் கலந்து கிடக்கின்றன என்று அர்த்தம். MCH ஓர் அணுவில் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அது பெரும்பாலும் MCV-யுடன் சேர்ந்தே இறங்கும், ஆகவே அதைத் தனியாகக் கவனிக்காவிட்டாலும் பாதகமில்லை. உங்கள் அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அந்த ஆய்வகத்தின் இயல்பு எல்லை அச்சிடப்பட்டிருக்கும். ஒப்பிட வேண்டியது அதனுடன்தான்.

மாவும் கரண்டியும்

தோசை ஊற்றுவதை நினைத்துக்கொண்டால் இந்த மூன்று எண்களும் எளிதில் விளங்கும்.

முதல் பெண்ணின் வீட்டில் மாவு தீர்ந்துகொண்டு வருகிறது. கரண்டியில் குறையில்லை, மாவுதான் போதவில்லை. மாவு நிறைய இருந்தபோது ஊற்றிய தோசைகள் பெரியவை, குறையத் தொடங்கியதும் ஊற்றியவை சிறியவை, கடைசியாக வழித்து ஊற்றியவை இன்னும் சிறியவை. தட்டில் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கும். மொத்த எண்ணிக்கையும் கூடுவதில்லை. இரும்புச்சத்துக் குறைபாட்டில் எலும்பு மஜ்ஜையில் நடப்பது இதுதான். ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் ரத்தத்தில் உலவும். அதனால் இரும்பு போதிய அளவு இருந்தபோது உருவான பழைய அணுக்களும், பற்றாக்குறையில் உருவான புதிய சிறிய அணுக்களும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இருக்கும். MCV இறங்குகிறது, RDW ஏறுகிறது, RBC இயல்பாகவோ சற்றுக் குறைவாகவோ நிற்கிறது. பல நேரங்களில் பிளேட்லெட் சற்று ஏறுவதும் உண்டு. முதல் பெண்ணுக்கு 410 இருந்ததற்கு இது காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது பெண்ணின் வீட்டில் மாவுக்குப் பஞ்சமில்லை. கரண்டிதான் பிறந்ததிலிருந்தே சிறியது. எல்லாத் தோசைகளும் சிறியவை, ஆனால் ஏறக்குறைய ஒரே அளவு. சிறியவை என்பதால் அதிக எண்ணிக்கையில் ஊற்றிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. தலசீமியா மரபணுவை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்றவர்களின் உடலில் ஹீமோகுளோபினின் புரதச் சங்கிலிகளில் ஒன்று குறைவாகத் தயாராகிறது. ஒவ்வோர் அணுவும் சிறுத்துவிடுகிறது. உடல் அதை ஈடுகட்ட அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. அதனால்தான் ஹீமோகுளோபின் 11.2 மட்டுமே இருக்கும்போதும் RBC 5.50 வரை ஏறி நிற்கிறது. அறிக்கையில் அந்த வரிக்குப் பக்கத்தில் H என்றுகூட இருக்கலாம். "ரத்தம் குறைவு" என்று சொல்லப்பட்ட பெண்ணின் சிவப்பணு எண்ணிக்கை இயல்பைவிட அதிகம் என்பதுதான் இந்தத் தாளில் கவனிக்க வேண்டிய முரண்.

இன்னொன்றும் உண்டு. ஹீமோகுளோபின் 11.2 அளவுக்கு லேசாகக் குறைந்திருக்கும்போது, இரும்புச்சத்துக் குறைபாட்டால் மட்டும் MCV 64 வரை விழுவது வழக்கமில்லை. இரும்பு குறைந்து அணுக்கள் அவ்வளவு சிறுத்துப்போகும் கட்டத்தில் ஹீமோகுளோபின் பெரும்பாலும் 11-க்கு வெகு கீழே போயிருக்கும். ஹீமோகுளோபின் லேசாகத்தான் குறைந்திருக்கிறது, MCV-யோ மிகவும் குறைந்திருக்கிறது என்ற பொருத்தமின்மையே ஒரு தடயம்.

ஒரு சிறிய வகுத்தல்

இந்த முரணை ஒரே எண்ணில் அடக்க 1973-ஆம் ஆண்டில் வில்லியம் மென்ட்சர் என்ற மருத்துவர் ஒரு கணக்கை முன்வைத்தார். MCV-யை RBC-யால் வகுக்க வேண்டும். விடை 13-க்கு மேல் வந்தால் இரும்புச்சத்துக் குறைபாட்டின் பக்கம், 13-க்குக் கீழே வந்தால் தலசீமியாவின் பக்கம் சாய்கிறது.

முதல் பெண்ணுக்கு 78 ÷ 4.41 = 17.7. இரண்டாவது பெண்ணுக்கு 64 ÷ 5.50 = 11.6. இருவருக்கும் விடை தெளிவாக எதிரெதிர்ப் பக்கங்களில் விழுகிறது.

இந்தக் கணக்கின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். MCV குறைந்திருந்தால் மட்டுமே இது பொருந்தும். MCV 88 இருப்பவர் இதைப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. விடை 12-க்கும் 14-க்கும் இடையில் வந்தால் எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு குறைகளும் ஒருவருக்கே இருந்தால் கணக்கு தவறான பக்கத்தைக் காட்டலாம். ஆகவே அடுத்துச் செய்ய வேண்டிய பரிசோதனை எது என்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டும். நோயின் பெயரை இது முடிவு செய்யாது.

அடுத்த பரிசோதனை இருவருக்கும் ஒன்றுதான்: ஃபெரிட்டின். உடலின் இரும்புக் கையிருப்பை இது காட்டும். முழு ரத்தப் பரிசோதனையில் இது சேராது, தனியாகக் கேட்க வேண்டும். பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே இருந்தால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல மருத்துவர்கள் 30-க்குக் கீழே வந்தாலே குறைபாடாக எடுத்துக்கொள்வார்கள். காய்ச்சலோ வேறு கிருமித் தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் செயற்கையாக ஏறிவிடும். அதனால் உடம்பு தேறிய பின் எடுப்பதே நல்லது. மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுப்பது அதைவிட முக்கியம். மாத்திரையைத் தொடங்கிவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், ஆரம்பத்தில் கையிருப்பு எப்படி இருந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

நம் முதல் பெண்ணுக்கு ஃபெரிட்டின் 8 என்று வந்தது. இரண்டாவது பெண்ணுக்கு 62. இனி இருவரின் வழிகளும் பிரிகின்றன.

முதல் பெண்: மாத்திரை பாதி வேலைதான்

ஃபெரிட்டின் 8 என்றால் இரும்புச்சத்துக் குறைபாடு உறுதி. ஆனால் இரும்பு எங்கே போயிற்று என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இளம் பெண்களிடம் பெரும்பாலான விடை மாதவிடாய். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துடன் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிக ரத்தப்போக்கு என்பது மருத்துவக் கணக்கு. அதாவது மாதத்துக்குச் சுமார் 40 மில்லிகிராம் இரும்பு. சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளில் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே, அன்றாட இழப்புக்கும் அதிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டும். அதிக ரத்தப்போக்கு உள்ளவருக்கு மாதாமாதம் பற்றாக்குறை ஏற்படுவது ஏன் என்பது இதில் புரியும்.

வீட்டில் யாரும் மில்லிலிட்டரில் அளப்பதில்லை. வேறு அடையாளங்கள் உண்டு. ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்ற வேண்டியிருக்கிறதா? இரவில் எழுந்து மாற்றுகிறாரா? ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா? 50 சென் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் வருகின்றனவா? "எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இப்படித்தான்" என்று அக்காவும் அம்மாவும் சொல்வதால் பல பெண்கள் இதை இயல்பு என்றே நினைத்துவிடுகிறார்கள். கருப்பையில் நார்க்கட்டி, தைராய்டுக் கோளாறு, ரத்தம் உறைவதில் பிறவிக் கோளாறு என இதற்குக் காரணங்கள் இருக்கலாம். கிளினிக்கில் மருத்துவர் கேட்காவிட்டாலும் இதை நாமே சொல்ல வேண்டும். மாதவிடாய் இயல்பாக இருந்தும் ஃபெரிட்டின் 8 என்றால், வயிறு, குடல் பக்கம் ரத்தக் கசிவோ உறிஞ்சுதல் குறைவோ இருக்கிறதா என்று மருத்துவர் தேடுவார்.

அடுத்தது மாத்திரை. கிளினிக்குகளில் கொடுக்கப்படும் 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட் மாத்திரையில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம். நாளுக்கு ஒன்று போதும். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, அடுத்த ஒரு நாள் வரை குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைத்துவிடும் என்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதனால் நாளுக்கு மூன்று மாத்திரை சாப்பிட்டால் மும்மடங்கு பயன் என்பதில்லை, வயிற்றுப் புரட்டலும் மலச்சிக்கலும்தான் கூடும். வயிறு தாங்காதவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மருத்துவர் மாற்றித் தருவதும் உண்டு. மாத்திரையைத் தே தாரிக்குடனோ காப்பியுடனோ விழுங்கினால் பெரும்பகுதி வீணாகிவிடும். தண்ணீருடனோ கொஞ்சம் ஆரஞ்சுச் சாற்றுடனோ எடுத்துக்கொண்டு, தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்கலாம். மலம் கறுத்துப் போகும், அது மாத்திரையின் நிறம்தான்.

மாத்திரை வேலை செய்கிறதா என்பதைத் தாள்தான் சொல்ல வேண்டும். மூன்று, நான்கு வாரம் கழித்து மறுபடி FBC எடுத்தால் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். முதல் பெண்ணுக்கு 11.2-லிருந்து 12.3 ஆனால் நாம் சரியான வழியில் போகிறோம். பெரும்பாலானவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். எண் 12-ஐத் தாண்டியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் நிறைந்துவிட்டது, கையிருப்பு இன்னும் காலி. அடுத்த நான்கைந்து மாதவிடாயில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் மாத்திரையைத் தொடர்ந்து, ஃபெரிட்டின் ஏறியதை உறுதி செய்த பின்பே நிறுத்த வேண்டும்.

பீட்ரூட் என்ன ஆயிற்று என்று அம்மாக்கள் கேட்கக்கூடும். 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை, அதிலும் சிறு பங்கைத்தான் உடல் உறிஞ்சும். மாதுளையில் இன்னும் குறைவு. சிவப்பு நிறத்துக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. இறைச்சி, ஈரல், மீன், சிப்பி வகைகளில் உள்ள இரும்பு எளிதில் சேரும். சைவ உணவுக்காரர்கள் பருப்பு, கடலை, கீரையுடன் எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் உறிஞ்சுதல் கூடும். ஆனால் தீர்ந்துபோன கையிருப்பை உணவால் மட்டும் நிரப்புவது மிகக் கடினம். மாத்திரை நிறுத்திய பிறகு எண் இறங்காமல் காப்பதில்தான் உணவின் பங்கு பெரியது.

இரண்டாவது பெண்: மாத்திரை வேண்டாம், ஒரு சான்று வேண்டும்

இரண்டாவது பெண்ணின் கையிருப்பு 62. அவருக்கு இரும்பு குறையவில்லை. அவர் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாலும் எண் 11.2-ஐ ஒட்டியே நிற்கும். இப்படி ஏறாத எண்ணைப் பார்த்து "ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று திட்டு வாங்கிய பெண்கள் உண்டு. கூடுதலாகச் சேரும் இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி இல்லை என்பதால், தேவையில்லாத மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொடர்வது நல்லதுமல்ல.

அவருக்குத் தேவையானது ஹீமோகுளோபின் பகுப்பாய்வு என்ற பரிசோதனை. அதில் HbA2 என்ற வகை எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவர். நம் இரண்டாவது பெண்ணுக்கு 5.2 வந்தது. அவர் நோயாளி அல்லர். பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது, சிகிச்சை எதுவும் தேவையில்லை. 11.2 என்பது அவருடைய இயல்பு.

பிறகு ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? அவர் மணக்கப்போகிறவரும் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவராக இருந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தக் குழந்தைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை நீக்க நாள்தோறும் மருந்து வேண்டும். பொருத்தமான எலும்பு மஜ்ஜை மாற்று கிடைத்தாலொழிய இது வாழ்நாள் முழுவதும் தொடரும். கணவருக்கு அந்த மரபணு இல்லையென்றால் இந்த அச்சமே இல்லை, பிள்ளைகளில் சிலர் அம்மாவைப் போலவே மரபணுவைச் சுமப்பார்கள், அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த கேள்வி வருங்கால மாப்பிள்ளையின் FBC-யில் MCV எவ்வளவு என்பது. அது இயல்பாக இருந்தாலும் அவருக்கும் ஹீமோகுளோபின் பகுப்பாய்வு எடுப்பதே முறை. ஏனென்றால் HbE என்ற மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்களுக்கு MCV சிறிதளவே குறைந்திருக்கலாம், அதுவும் பீட்டா தலசீமியாவும் சேர்ந்தால் குழந்தைக்குக் கடுமையான ரத்தச் சோகை வரக்கூடும். HbE நம் வட்டாரத்தில், குறிப்பாக மலாய்க்காரர்களிடையே, பரவலாக உள்ளது. மலேசியாவில் தலசீமியா மலாய்க்காரர், சீனர், சபா பூர்வகுடியினரிடையே அதிகம் என்பது உண்மை. ஆனால் இந்தியர்களிடமும் அது இருக்கிறது. "நம் ஆட்களுக்கு அது வராது" என்று விட்டுவிட முடியாது. கலப்புத் திருமணங்கள் பெருகிவரும் காலம் இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெண்ணின் அண்ணன், தங்கை, சித்தி மகள் என ரத்த உறவுகளும் பரிசோதித்துக்கொள்ளலாம். சுமக்கும் ஒருவரின் உடன்பிறப்புக்கும் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பாவது உண்டு. மலேசியாவில் 2016 முதல் படிவம் 4 மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை நடைபெறுகிறது. அந்த வயதில் நடந்ததைப் பலர் மறந்திருப்பார்கள், பழைய கோப்பில் முடிவுத் தாள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதற்கு முன் பள்ளி முடித்தவர்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கேட்கலாம். சிங்கப்பூரில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் தேசியத் தலசீமியா பதிவகம் இயங்குகிறது. திருமணத்துக்குப் பிறகு, கருவுற்ற பின்தான் இருவருக்கும் மரபணு இருப்பது தெரிகிறது என்றாலும் வழி அடைபடவில்லை. சுமார் 11-வது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் குழந்தையின் நிலையை அறியலாம். ஆனால் அந்த முடிவுகளை எடுக்க அப்போது சில வாரங்களே கையில் இருக்கும். அதனால்தான் 26 வயதில், நிதானமாக, தாளைப் படிப்பது நல்லது.

இரண்டு பெட்டிகளிலும் அடங்காதவர்கள்

எல்லா அறிக்கைகளும் இவ்வளவு தெளிவாகப் பிரியாது. மூன்று நிலைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, மரபணுவும் இருந்து இரும்பும் குறைந்தவர். MCV 62, RDW 18, ஃபெரிட்டின் 9 என்று வரும். இவருக்கு இரும்பு தேவைதான். ஆனால் இரும்புக் குறைபாடு HbA2-வைச் சற்றுக் கீழே இழுத்துவிடும் என்பதால், அந்த நேரத்தில் எடுத்த பகுப்பாய்வு இயல்பு என்று ஏமாற்றலாம். கையிருப்பு நிரம்பிய பின்னும் MCV ஏறாமல் நின்றால் மறுபடி எடுக்க வேண்டும்.

இரண்டு, ஆல்ஃபா தலசீமியா. MCV குறைவு, ஃபெரிட்டின் நன்று, HbA2-வும் இயல்பு. இங்கே ஹீமோகுளோபின் பகுப்பாய்வு பெரும்பாலும் கண்டுபிடிக்காது, மரபணுப் பரிசோதனை வேண்டும். "எல்லாம் இயல்பு" என்று சொல்லப்பட்டும் MCV ஏன் 70 என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மூன்று, ஹீமோகுளோபின் 11.2 ஆனாலும் MCV 86 என்று இயல்பாக இருப்பவர். நீண்ட காலச் சைவ உணவுக்காரர்களிடம் இரும்பும் வைட்டமின் பி12-ம் ஒருசேரக் குறைந்திருக்கலாம். ஒன்று அணுவைச் சிறுக்க வைக்கும், மற்றது பெருக்க வைக்கும். சராசரி நடுவில் வந்து நிற்கும். RDW மட்டும் உயர்ந்து காட்டிக்கொடுக்கும். ஃபெரிட்டினுடன் பி12-ம் எடுத்துப் பார்க்க வேண்டிய அறிக்கை இது.

ஹீமோகுளோபின் குறைவுடன் வெள்ளை அணுக்களோ பிளேட்லெட்டோ சேர்ந்து குறைந்திருந்தால் அந்தத் தாளை வீட்டில் வைத்துக் கணக்குப் போட வேண்டாம், மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, மயக்கம், மாத்திரை தொடங்குவதற்கு முன்பே மலம் தார் போலக் கறுத்துப் போவது ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

மற்றவர்கள் அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது மூன்றைக் கையில் கொண்டு போனால் போதும்: பழைய FBC அறிக்கைகள், கடைசி மூன்று மாதவிடாய் எத்தனை நாள், எத்தனை பேட் என்ற குறிப்பு, குடும்பத்தில் யாருக்காவது தலசீமியாவோ விளக்கமில்லாத ரத்தச் சோகையோ இருந்ததா என்ற தகவல். மாத்திரைச் சீட்டு எழுதப்படும் முன் "என் MCV எவ்வளவு, ஃபெரிட்டின் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். விடை எதுவாக இருந்தாலும் அந்த அறிக்கையை டிங்கிக் காய்ச்சல் தாள்களோடு தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் 11-ஐப் படிக்க அது உதவும்.